ஒரு புத்தகம், மூன்று அட்டைகள்

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டைக் கல்லூரி நூலகத்தில் தர்மன் என்று ஒரு நூலகர் இருந்தார். இருந்தார் என்றால் நாற்காலியில் இருந்தார், அவ்வளவுதான். தாளாளர் வேல்முருகனின் தங்கையைக் கட்டிக்கொண்டவர் என்பதைத் தவிர அந்த நாற்காலிக்கு அவரிடம் வேறு யோக்கியதை எதுவும் இல்லை. புத்தகத் தூசி பட்டால் தனக்குத் தும்மல் வரும் என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து கைப்பேசியில் ரியல் எஸ்டேட் விளம்பரங்களைப் பார்ப்பார். பதினொரு மணிக்கு வடை வரும். அந்த எண்ணெய்க் கையோடு ஒரு புத்தகத்தையும் தொட மாட்டார் என்பதுதான் அவர் நூலகத்துக்குச் செய்த ஒரே உபகாரம்.

வேலை எல்லாம் ஷாரோனுடையது. நூலகவியலில் முதுகலைப் பட்டம், பல்கலைக்கழகத்தில் இரண்டாம் இடம், ஆனால் வருஷக்கணக்காகத் தற்காலிக உதவியாளர். அப்பா சாமுவேல் செவிலிமேட்டுக் காலனியிலிருந்து ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஒவ்வொரு ஜூன் மாதமும் கல்லூரி அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஜூலையில் மறுபடி கூப்பிடும். நிரந்தரம் கேட்டு யாரும் கோர்ட்டுக்குப் போய்விடக் கூடாது என்று செய்த ஏற்பாடு அது. இந்த வருஷம் தாளாளரே அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"இந்தக் கார்டு வேல முடியட்டும்மா. தரச்சான்றுக் கமிட்டி வந்துட்டுப் போவட்டும். பர்மனென்ட் ஆர்டரு உன் கையில இருக்கும். என் வார்த்த."

அவர் வார்த்தையின் லட்சணம் ஊருக்கே தெரியும். ஆனாலும் ஷாரோன் நம்பினாள். வேறென்ன செய்வாள்?

கார்டு வேலை என்பது இதுதான். நூலகத்தின் நடுவே இரும்பு அலமாரி ஒன்று, அதில் நீள நீளமான இழுப்பறைகள், இழுப்பறை நிறைய உள்ளங்கை அகல அட்டைகள். எத்தனையோ நூலகர்கள், எத்தனையோ கையெழுத்துகள். ஒவ்வொரு அட்டையின் அடியிலும் ஓட்டை போட்டுக் கம்பியில் கோத்திருக்கும். ஒரு புத்தகத்துக்குக் குறைந்தது மூன்று அட்டை எழுதுவார்கள். ஆசிரியர் பெயரைத் தலையில் போட்டு ஒன்று, தலைப்பைத் தலையில் போட்டு ஒன்று, பொருளைச் சிவப்பு மையில் தலையில் போட்டு ஒன்று. ஆசிரியர் தெரிந்து வருபவன் ஆசிரியர் இழுப்பறையில் தேடுவான், பொருள் மட்டும் தெரிந்தவன் பொருள் இழுப்பறையில் தேடுவான். எந்த அட்டையை எடுத்தாலும் மூலையில் ஒரே அக்சஷன் நம்பர் இருக்கும். புத்தகம் நூலகத்துக்குள் வந்த அன்று அதற்கு விழுந்த வரிசை எண் அது. ஓர் எண்ணுக்கு ஒரே புத்தகம்தான். இதையெல்லாம் கணினியில் ஏற்ற வேண்டும்.

முதல் வருஷ மாணவிக்குக்கூட அரை மணியில் புரியவைத்துவிடலாம். தாளாளரின் கட்சிக்காரர் யாரோ சொல்லி வந்து இறங்கினானே ஆனந்தகுமார், சென்னை மென்பொருள் கம்பெனிக்காரன், அவனுக்கு மட்டும் புரியவே இல்லை. புரிந்துகொள்ள அவனுக்கு அவசியமும் இல்லை, பதிவுக்கு இவ்வளவு ரூபாய் என்றுதான் பேச்சு.

"சார், இது ஆசிரியர் கார்டு இழுப்பறை. இத மட்டும் டைப் பண்ணாப் போதும். மத்ததுலேருந்து சப்ஜெக்ட் மட்டும் எடுத்துக்கணும்" என்று ஷாரோன் சொல்லித்தான் பார்த்தாள்.

"மேடம், நாங்க நூத்துக்கணக்கான லைப்ரரி பண்ணியிருக்கோம். எங்க ப்ராசஸ் வேற" என்றான் அவன். கழுத்தில் அடையாள அட்டை வேறு தொங்கியது, பெரிய விஞ்ஞானி மாதிரி.

அந்தப் பிரமாதமான ப்ராசஸ் என்ன தெரியுமா? முதல் வரி ஆசிரியர், இரண்டாம் வரி தலைப்பு. முடிந்தது. எந்த இழுப்பறையாக இருந்தால் என்ன, எந்த அட்டையாக இருந்தால் என்ன, மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே போ என்று தன் பையன்களுக்குச் சொல்லிவிட்டான். ஒரே அக்சஷன் நம்பர் இரண்டாம் தடவை வந்ததும் மென்பொருள் முரண்டு பிடித்தது. இப்படி ஓர் எண் ஏற்கெனவே இருக்கிறது, ஏற்க மாட்டேன் என்றது. அந்த இயந்திரத்துக்கு இருந்த புத்தியில் பாதி ஆனந்தகுமாருக்கு இருந்திருந்தால் அங்கேயே நின்று யோசித்திருப்பான். அவனோ எண்ணின் வாலில் ஏ, பி, சி என்று ஒட்டச் சொன்னான். இயந்திரம் வாயை மூடிக்கொண்டது.

இப்படியாகப் பதினெட்டாயிரம் புத்தகம் இருந்த நூலகம் ஒரு பருவத்தில் அறுபதாயிரம் ஆனது.

தாளாளர் அன்றைக்கே ஃபிளெக்ஸ் அடித்துவிட்டார். ஐயம்பேட்டைப் பேருந்து நிறுத்தத்திலிருந்து கல்லூரி வாசல் வரை 'அறுபதாயிரம் நூல்கள்! அறிவுக் கருவூலம்!' என்று எழுதி, அவர் கைகூப்பிச் சிரித்தார். கமிட்டிக்கு அனுப்புகிற விண்ணப்பத்திலும் அந்த எண்ணையே ஏற்றிவிட்டார். வாழ்நாளில் அறுபது பக்கம் முழுசாகப் படித்திருப்பாரோ என்னவோ.

முதலில் மாட்டிக்கொண்டவள் துளசி. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு மாணவி, நூலகத்துக்குத் தினமும் வருகிற நாலைந்து பேரில் ஒருத்தி. புதுக் கணினியில் தேடிவிட்டுக் கூப்பிட்டாள்.

"அக்கா, இங்க வந்து பாருங்களேன். பொருளாதாரம்னு ஒருத்தரு தொள்ளாயிரம் புக்கு எழுதிக்கிறாரு. வேளாண்மைன்னு இன்னொருத்தரு. இவங்கள்லாம் யாருக்கா?"

ஷாரோன் குனிந்து பார்த்தாள். சிவப்பு மைத் தலைப்புகள் அத்தனையும் ஆசிரியர்களாகி வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஆசிரியர்களின் பெயர்களோ தலைப்புக் கட்டத்தில் புத்தகங்களாகிக் கிடந்தன. வெளியான ஆண்டு என்கிற கட்டத்தில் நாலு இலக்கம் வேண்டும். 'விரோதி' என்று தமிழ் வருஷம் எழுதியிருந்த அட்டைக்கெல்லாம் நாலு சுழி போட்டு வைத்திருந்தார்கள். ஏசு பிறப்பதற்கும் முந்தைய பதிப்பு! அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு எரிச்சல் வந்தது. தூத்தேறி, இதற்கா கோட்டு மாட்டிக்கொண்டு ஒருவன் காரில் வந்து போனான்?

தர்மனிடம் போய்ச் சொன்னாள். அவர் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நம்பர் கூடத்தானம்மா ஆயிருக்குது. கொறஞ்சாத்தான் கவலப்படணும்."

"சார், இல்லாத புக்கு சார் அது."

"கம்ப்யூட்டர்ல இருக்குதில்ல?"

இந்த ஆளோடு என்ன பேசுவது? ஷாரோன் தன் மேசைக்குத் திரும்பி வேலையை ஆரம்பித்தாள். முழுப் பட்டியலையும் ஒரு காப்பு எடுத்து வைத்தாள். எண்களின் வாலில் இருந்த எழுத்தை வெட்டிவிட்டு வரிசைப்படுத்தினாள். ஒரே புத்தகத்தின் மூன்று அட்டைகளும் அடுத்தடுத்து வந்து நின்றன. ஆசிரியர் அட்டையிலிருந்து பெயரும் தலைப்பும், பொருள் அட்டையிலிருந்து பொருள் மட்டும் எடுத்து ஒரே பதிவாக்கினாள், மிச்சத்தை அழித்தாள். ஓர் அட்டையில் நாலைந்து எண் இருந்தால் அவை நிஜமான பிரதிகள். அவற்றை ஒரே பதிவின் கீழ்த் தனித்தனியாகப் பிரித்துப் போட்டாள். கோ. சுந்தரேசன், சுந்தரேசன் கோ., கோ.சு. என்று மூன்று வேஷத்தில் திரிந்த ஒரே மனிதரை ஒரே பெயரில் நிறுத்தினாள். செ., சென்., சென்னை எல்லாம் சென்னை ஆயிற்று. விரோதி வருஷத்துக்கு நேரே, புத்தகத்தையே எடுத்துப் பார்த்து, 1949 என்று போட்டாள். சந்தேகம் வந்த ஒவ்வோர் இடத்திலும் எழுந்து இழுப்பறையைத் திறந்து அட்டையைப் பார்த்தாள். அவளைத் தவிர அந்தக் கல்லூரியில் அந்த இழுப்பறையைத் திறக்கத் தெரிந்தவர் எவரும் இல்லை என்பதில் அவளுக்கு ஒரு திமிர். அந்தத் திமிரில்தான் வாரக்கணக்கில் முதுகுவலியைத் தாங்கினாள்.

முடித்ததும் தாளாளர் அறைக்குப் போனாள். பாராட்டுவார் என்று ஒரு மூலையில் ஆசை இருந்தது. புத்திசாலிகளுக்கும் இந்த அசட்டுத்தனம் உண்டு.

தாளாளர் அவள் நீட்டிய தாளைப் பார்த்தார். எதிரே உட்கார்ந்திருந்த தர்மனைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"பதினெட்டாயிரமா? மீதி நாப்பத்திரெண்டாயிரம் புக்கு எங்கம்மா?"

"அது எப்பவுமே இல்ல சார். ஒரு புக்குக்கு மூணு கார்டு. மூணையும் மூணு புக்குன்னு..."

"இவ அழிச்சிட்டா மச்சான்" என்றார் தர்மன். "தெனமும் ஒக்காந்து அழிச்சிக்கினே இருந்தா, நானே பாத்தேன்." அவர் தன் வாழ்நாளில் கவனித்துப் பார்த்த ஒரே நூலக வேலை அதுதான் போலிருக்கிறது.

தாளாளர் நாற்காலியில் சாய்ந்தார். "இன்னாம்மா நீ? அறுபதாயிரம்னு நான் எழுதிக் குடுத்துட்டேன், ஊரெல்லாம் பேனர் வெச்சிக்கிறேன். இப்ப பதினெட்டுன்னா, ஒண்ணு நான் பொய் சொன்னேன், இல்ல எவனோ நாப்பத்திரெண்டாயிரத்தத் திருடிக்கினு பூட்டான். நான் பொய் சொல்லல. அப்ப லைப்ரரில வேல பாத்தது யாரு, நீதான? யோசிச்சிக்கோ."

இல்லாத புத்தகத்தைத் திருடியதாக ஒரு பழி! இதை எந்தப் போலீஸ் ஸ்டேஷனில் போய் விளக்குவாள்? அட்டை என்றால் என்ன என்று இன்ஸ்பெக்டருக்கு அரை மணி பாடம் எடுப்பாளா?

தாளாளர் குரலைத் தணித்தார். "இத பாரு. பொருளாதாரம் புக்கு எழுதுச்சு, வேளாண்மை புக்கு எழுதுச்சுன்றதெல்லாம் அசிங்கம், ஒத்துக்கிறேன். பேரெல்லாம் சரி பண்ணு, வருஷமெல்லாம் சரி பண்ணு, நீட்டா இருக்கட்டும். நம்பரு மட்டும் கொறையக் கூடாது. ஆர்டரு டைப் அடிச்சி வெச்சாச்சு, கையெழுத்துதான் பாக்கி."

அவள் செய்தாள். திட்டிக்கொண்டே செய்தாள், ஆனால் செய்தாள். ஏ, பி, சி எல்லாம் திரும்பி வந்தன, இந்தத் தடவை ஒரே பதிவின் கீழ், மூன்று பிரதிகள் என்று. ஆசிரியர் ஆசிரியர் இடத்தில், தலைப்பு தலைப்பின் இடத்தில், பொருள் பொருளின் இடத்தில். ஒரு கட்டம்கூடக் காலியில்லை, ஓர் எழுத்துகூடப் பிசகில்லை. காஞ்சிபுரம் ஜில்லாவிலேயே அத்தனை சுத்தமான பட்டியல் வேறெந்த நூலகத்திலும் இருந்திருக்காது. அத்தனையும் புளுகு. வேலை செய்யும்போது அவள் மனசுக்குள் வேல்முருகனைக் காட்டான் என்றாள், தர்மனைத் தண்டம் என்றாள், ஆனந்தகுமாரைச் சொன்னது எழுதத் தரமில்லை. அப்படித் திட்டுவது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. நான் இவர்கள் இல்லை என்று அது ஒவ்வொரு நாளும் அவளுக்குச் சொன்னது.

கமிட்டி வந்தது. நூலகத்துக்குப் பொறுப்பு பேராசிரியர் கலையரசி என்று ஒரு அம்மா, தெற்கத்திப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து வந்தவர். காஞ்சிபுரத்துக்கு வருகிற எந்தக் கமிட்டியும் எதற்காக வருகிறது என்பது கல்லூரி வாட்ச்மேனுக்கே தெரியும். மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு காந்தி ரோட்டுக்குப் போக வேன் தயாராக நின்றது. பட்டுக்கடையில் சொல்லிவைத்தாயிற்று. இடையில் நூலகம் ஒன்று தொண்டையில் முள்ளாக நின்றது.

கலையரசி கைப்பையைக் கணினிப் பக்கத்தில் வைத்தார். "நைஸ், நைஸ். சிக்ஸ்டி தௌசண்டா? கிரேட். ஏதாவது ஒரு டைட்டில் போட்டுக் காட்டுங்க, எதுன்னாலும் சரி."

ஷாரோன் 'மண்புழு' என்று தட்டினாள். வந்தது. 'மண்புழு வளர்ப்பும் பயன்களும்', ஆசிரியர் சுந்தரேசன், கோ., பொருள் வேளாண்மை, மூன்று பிரதிகள், மூன்றும் அடுக்கில்.

"மூணையும் எடுத்துட்டு வாங்க. ஃபிசிக்கலா பாத்ததா நான் டிக் போடணும்."

தர்மனின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. வாசலில் சாய்ந்து நின்ற தாளாளர் நிமிர்ந்தார். ஷாரோன் எழுந்து அடுக்குகளுக்குள் போனாள்.

மண்புழு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மேலட்டையில் யாரோ டீ டம்ளர் வைத்த வட்டக் கறை, கீழ் மூலையை எலி கடித்திருந்தது. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். உண்மையைச் சொன்னால் ஆர்டர் போயிற்று, அதோடு திருட்டுப் பட்டமும் வரும். சொல்லாவிட்டால் மற்ற இரண்டுக்கு எங்கே போவது? நின்றபோதே அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. வந்ததும் உடம்பெல்லாம் ஒரு குஷி பரவியது. சொல்லவே வேண்டாம், காட்டிவிடலாம். இதே புத்தகத்தை மூன்று தடவை கொண்டுபோய் வைக்கிறேன். இவர்கள் மூஞ்சியில் அடித்த மாதிரி வைக்கிறேன். கண் இருந்தால் பார்க்கட்டும். பேராசிரியர் பிடிப்பார், கேட்பார், எல்லாம் சந்தி சிரிக்கும். நானாக வாயைத் திறந்து சொன்னதாகவும் இருக்காது.

முதல் தடவை வைத்தாள். கலையரசி கைப்பேசியில் யாருடனோ வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். "மாம்பழக் கலர்ல ஒண்ணு, மயில் கழுத்துல ஒண்ணு. பார்டர் சின்னதா வேணுமா பெருசாடி?" புத்தகத்தை ஒரு பார்வை பார்த்தார், டிக் போட்டார்.

ஷாரோன் அவர் கண்ணெதிரிலேயே அதை மேசையிலிருந்து எடுத்தாள். மெதுவாகத்தான் எடுத்தாள். ஓர் அடுக்கைச் சுற்றிவந்து மறுபடி வைத்தாள். டிக். மறுபடி எடுத்தாள், மறுபடி சுற்றினாள். இந்தத் தடவை கறை மேலே தெரியும்படி, சற்று ஓசை வர மேசையில் வைத்து, பேராசிரியரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேளுங்கள் மேடம், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

கலையரசி கறையைக் கவனித்துவிட்டார். முதல் தடவையாக முகத்தில் ஒரு சுவாரசியம் வந்தது.

"அட, மூணுலயுமே டீ டம்ளர் வெச்சிருக்காங்க பாருங்களேன்!" என்று சிரித்தார். "பசங்க நல்லா யூஸ் பண்றாங்க. இதத்தான் நாங்க எதிர்பாக்குறது. மத்த காலேஜ்ல எல்லாம் புக்கு புதுசு கலையாம இருக்கும்." மூன்றாவது டிக் விழுந்தது. கைப்பையை மாட்டிக்கொண்டார். "சார், கடை எத்தன மணி வரைக்கும்?"

வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. ஷாரோன் அதே இடத்தில் நின்றாள். இவளெல்லாம் ஒரு பேராசிரியர், இவளுக்கெல்லாம் ஒரு பென்ஷன் என்று திட்ட ஆரம்பித்தாள். திட்டு பாதியிலேயே நின்றுவிட்டது. வாசலில் நின்ற தாளாளர் உள்ளே வந்துகொண்டிருந்தார். சிரித்துக்கொண்டிருந்தார். ஃபிளெக்ஸில் சிரிக்கிற சிரிப்பு இல்லை, வீட்டு மனுஷர்களிடம் சிரிக்கிற சிரிப்பு.

"அடேங்கப்பா! ஷாரோன்மா! நான் அரசியல்ல எத்தினி பேரப் பாத்துக்கிறேன், இந்த தில்லு எவன்கிட்டயும் கெடையாதும்மா. அந்தம்மா கண்ணு முன்னாடியே எடுத்துக்கினு வந்து, அதே புக்க அதே எடத்துல... எனக்கே வேர்த்துப்பூட்டுது. இந்த தர்மன் பாரு, மூத்திரம் போறவன் மாதிரி நிக்கிறான்."

"சார், நான் அதுக்காகப் பண்ணல" என்றாள் ஷாரோன். "அவங்களுக்குத் தெரியட்டும்னுதான்..."

"தெரியும்மா, தெரியும்." அவர் காதில் அது விழவே இல்லை, விழுந்தாலும் ஏறவில்லை. சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்துப் பிரித்தார். மேசைமேல் வைத்து, அவள் பேனாவையே எடுத்து, அவள் கண்முன்னாலேயே கையெழுத்துப் போட்டார். "நிரந்தரம். நூலகர். இவன வேற எங்கனா தூக்கிப் போட்டுக்கிறேன். அடுத்த வாரம் என் இன்னொரு மச்சான் காலேஜுக்கும் போயி இதே மாதிரி பண்ணிக் குடுத்துட்டு வா. அங்க கார்டு இன்னும் ஜாஸ்தி."

அவள் கவரைப் பார்த்தாள். வாங்காமல் இருக்கலாம். நான் உங்களை எல்லாம் கேலி பண்ணத்தான் சார் அப்படிச் செய்தேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லலாம். சொல்ல வாயைத் திறந்தாள்.

"தேங்க்ஸ் சார்" என்றது வாய்.

"எனக்கெதுக்கும்மா தேங்க்ஸு" என்று வேல்முருகன் அவள் தோளில் தட்டினார். இத்தனை வருஷத்தில் அவர் அவளைத் தொட்டதோ அவள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததோ கிடையாது. "உன்ன நான் வேற மாதிரி நெனைச்சிக்கினு இருந்தேன். தப்பு. நீ நம்ம ஆளு."